வறுத்த நிலக்கடலை: பொதிக் கடலையையும் வீட்டு வறுவலையும் எண்ணெய், உப்புக் கணக்குடன் ஒப்பிடல்

மாத்தளை மாவட்டத்தின் தென்பாகம் மிளகும் கொக்கோவும் வளரும் ஈரலிப்பான மலைச்சாரல். வடக்கே செல்லச் செல்ல நிலம் வரண்டு, கலேவலை, தம்புள்ளைப் பக்கங்களில் வயலுக்கு மேலேயுள்ள மேட்டு நிலங்களில் தானியங்களும் பயறு வகைகளும் நிலக்கடலையும் செய்கை பண்ணப்படுகின்றன. கச்சான் என்று வழங்கும் இந்நிலக்கடலையைக் கோதுடன் விற்றுவிட்டு, பின்பு சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் வழியில் அதனையே உப்பிட்டு வறுத்த சிறு பொதியாக விலை கொடுத்து வாங்கும் கமக்காரர் பலர். தம் பருப்பையே வீட்டில் வறுத்துக்கொள்வது மேலா, பொதியில் வருவதை வாங்குவது மேலா என்ற கேள்வி இவர்களிடையே எழுவது இயல்பு.

இக்கேள்விக்குச் சொல்லப்படும் வழக்கமான விடை, பொதிக் கடலையில் எண்ணெயும் உப்பும் சேர்க்கப்பட்டுள்ளன, ஆகவே வீட்டு வறுவலே சிறந்தது என்பதாகும். இது பாதி உண்மை. எண்ணெயைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் கணக்குப் பிழையால் வருவது. உப்பைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் வீட்டில் அளவின்றி உப்பிடுபவர்க்கும் அது பொருந்தும். இரண்டையும் தனித்தனியே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கலேவலைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் தந்தைக்குக் குருதியமுக்கம் மிகுந்திருக்கிறது. உப்பைக் குறைக்கும்படியும் கொழுப்பு உணவில் கவனமாயிருக்கும்படியும் வைத்தியர் கூறியுள்ளார். முதியவரோ மாலைத் தேநீருடன் ஒரு பிடி கடலை இல்லாது இருக்கமாட்டார். கமக்காரர் கடையில் வாங்கிய, தோல் நீக்கிய கடலைப் பொதி ஒன்றின் பின்புறத்தைப் படிக்கிறார். 100 கிராமில் கொழுப்பு 53 கிராம், புரதம் 26 கிராம், சோடியம் 480 மில்லிக்கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. சேர்க்கப்பட்ட பொருள்களாக நிலக்கடலை, தாவர எண்ணெய், உப்பு என்பன அம்முறையிலேயே குறிக்கப்பட்டுள்ளன. உணவுச் சத்து அட்டவணை ஒன்றிலோ பச்சை நிலக்கடலைப் பருப்பு 100 கிராமில் கொழுப்பு 48 கிராம் என்று காண்கிறார். 53இலிருந்து 48ஐக் கழித்து, ஒவ்வொரு 100 கிராமிலும் 5 கிராம் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டுகிறார். இம்முடிவு தவறானது. ஏனெனில் அட்டவணையிலுள்ள 100 கிராமும் பொதியிலுள்ள 100 கிராமும் ஒரே அளவு பருப்பு அல்ல.

இதற்குக் காரணம் நீர். நன்கு காய்ந்த பச்சைப் பருப்பிலும் நூற்றுக்கு 7 பங்கு அளவில் நீர் இருக்கும். வறுக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், நூற்றுக்கு 2 பங்கு அல்லது அதனிலும் குறைவாகவே எஞ்சும். கொழுப்பு ஆவியாவதில்லை. ஆகவே பருப்பின் நிறை குறைய, கொழுப்பு அப்படியே நிற்க, 100 கிராமுக்குரிய கொழுப்பு உயர்ந்ததாகத் தோன்றும். கரைத்த உப்பு நீரைக் காய்ச்சினால் உப்பு கூடாமலே கரிப்பு ஏறுவது போன்றதே இதுவும்.

இதனை 1 கிலோகிராம் பருப்பை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோது நீக்கிய, செந்தோலுடன் கூடிய பச்சைப் பருப்பு 1000 கிராம். அதில் நீர் 70 கிராம், கொழுப்பு 480 கிராம், புரதம் 250 கிராம் எனக் கொள்வோம். எண்ணெய் ஒரு துளியும் இன்றி, நீர் நூற்றுக்கு 2 பங்கு ஆகும்வரை வறுத்தால் எஞ்சும் நிறை ஏறத்தாழ 950 கிராம். அந்த 950 கிராமில் கொழுப்பு அதே 480 கிராம் இருப்பதால், 100 கிராமுக்கு 50½ கிராம் ஆகிறது. பின்பு செந்தோலைத் தேய்த்துப் புடைத்து நீக்கினால் மேலும் 30 கிராம் அளவு குறைந்து 920 கிராம் நிற்கும். தோலில் கொழுப்பு மிகச் சிறிதே ஆகையால், தோல் நீக்கிய பருப்பின் கொழுப்பு 100 கிராமுக்கு ஏறத்தாழ 52 கிராம் ஆகிவிடும். வீட்டுத் தாச்சியில், எண்ணெயின்றி, தம் கண் முன்னே வறுத்த பருப்பே 48இலிருந்து 52க்கு ஏறிவிட்டதைக் காண்க.

ஆகவே கமக்காரரின் கையிலுள்ள பொதியை 48 உடன் அல்ல, 52 உடன் ஒப்பிடல் வேண்டும். அதிலும் ஒரு திருத்தம் உண்டு. பொதியின் 100 கிராமில் உப்பும் ஒரு பங்கு வகிப்பதால், பருப்பு 100 கிராமிலும் குறைவாகவே இருக்கும். இவற்றை எல்லாம் கழித்துக் கணக்கிட்டால் அப்பொதியில் சேர்ந்த எண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் என்று வரும். கமக்காரர் எண்ணிய 5 கிராம் அன்று. எண்ணெய் சேராது உலர் வறுவலாக வந்த இன்னொரு பொதியில் கொழுப்பு 51½ கிராம் என்று கண்டிருந்தாலோ, அவர் தம் பழைய கணக்கின்படி இல்லாத எண்ணெயை மூன்றரைக் கிராம் என்று கண்டுபிடித்திருப்பார்.

இக்கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் சொல்லவேண்டும். நிலக்கடலையின் கொழுப்பு இனத்துக்கு இனமும் நிலத்துக்கு நிலமும் மாறுபடும்; முற்றாத பருப்பில் குறைந்திருக்கும். அம்மாறுபாடே சில கிராம் வரை செல்லக்கூடும். ஆதலின் 2 கிராம், 3 கிராம் என்னும் சிறு வேறுபாட்டைப் பொதியின் எண்களைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. எண்களை விட, சேர்மானப் பட்டியலின் ஒழுங்கு சில வேளைகளில் தெளிவான சாட்சி கூறும். பொதி உணவுகளில் சேர்மானங்கள் நிறை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்படுவன. எண்ணெய் உப்புக்கு முன்னே எழுதப்பட்டிருந்தால் எண்ணெயின் நிறை உப்பின் நிறைக்குக் குறையாது. உப்புக்குப் பின்னே இருந்தால் அதனை விஞ்சாது. உப்பின் அளவைச் சோடியத்திலிருந்து அறியலாம் ஆகையால், எண்ணெயின் கீழெல்லை அல்லது மேலெல்லை ஒன்று கைக்குக் கிடைக்கிறது. எண்ணெய் என்ற சொல்லே பட்டியலில் இல்லையானால் அது உலர் வறுவல்.

2019ஆம் ஆண்டின் விதிகளின்படி இலங்கையில் திண்ம உணவுப் பொதிகளிற் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறிகள் வந்தன. கடலைப் பொதியிற் கொழுப்புக்குச் சிவப்பு நிறம் கண்டு அஞ்சுவோர் உண்டு. பருப்பின் பாதியே கொழுப்பு ஆகையால், எண்ணெய் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது சிவப்பாகவே இருக்கும். வீட்டில் வறுத்த கடலைக்கு நிறக்குறி இட்டாலும் சிவப்பே இடவேண்டியிருக்கும். கடலையைப் பொறுத்தவரை கவனித்துப் பார்க்கத்தக்கது உப்பின் நிறம்.

எண்ணெயிற் பொரிக்கும் முறையில் நடப்பது இதுதான். சூடான எண்ணெயில் பருப்பை இட்டவுடன் அதன் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. எடுத்து ஆறவிடும்போது மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெயில் ஒரு பகுதி உள்ளே இழுக்கப்படுகிறது. பருப்பு ஏற்கனவே எண்ணெய் நிறைந்ததும் கெட்டியானதும் ஆகையால், உருளைக்கிழங்குச் சீவல் போல் அது எண்ணெயைக் குடிப்பதில்லை. எனினும் வியாபாரக் கணக்கில் இச்சிறு அளவு பொருளுள்ளதே. உலர வறுத்தால் 1000 கிராம் 950 ஆகக் குறையும். 30 கிராம் எண்ணெயும் 12 கிராம் உப்பும் ஏறினால் அது மீண்டும் 990 கிராம் ஆகிவிடும். நீராகப் போன நிறை எண்ணெயாகவும் உப்பாகவும் திரும்பி வந்து, பருப்பின் விலைக்கே நிறுக்கப்படுகிறது.

இனி, உண்பவர்க்கு இந்த எண்ணெயால் வரும் வேறுபாடு எவ்வளவு? ஒரு பிடி கடலை என்பது ஏறத்தாழ 30 கிராம். அதில் சேர்ந்த எண்ணெய் 1 கிராம். அதன் சத்தி 9 கலோரி. அதே பிடியில் பருப்பின் சொந்தக் கொழுப்பு 15 கிராம் இருக்கிறது; முழுப் பிடியின் சத்தி 175 கலோரியை ஒட்டியது. எனவே ஒரு பிடிக்குப் பதிலாக ஒன்றரைப் பிடி உண்டுவிட்டால், அது எந்தப் பொதியிலும் சேர்ந்த எண்ணெயைப் போல் பல மடங்கு ஆகும். வீட்டில் எண்ணெயின்றி வறுத்தது என்ற தைரியத்தில் சுளகுடன் முன்னே வைத்து உண்பவர் இதனை மறந்துவிடுகிறார். எண்ணெயின் அளவை விட அதன் பழமையே கவலைக்குரியது. பன்முறை காய்ச்சிய எண்ணெயிற் பொரித்த கடலை கருமை ஏறி, நாவில் பசையாக ஒட்டும்.

உப்பின் கணக்கு வேறு. பொதியில் சோடியம் என்று எழுதப்பட்ட எண்ணை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு வரும். கமக்காரரின் பொதியில் சோடியம் 480 மில்லிக்கிராம்; ஆகவே உப்பு 1200 மில்லிக்கிராம், அதாவது 1.2 கிராம். பச்சைப் பருப்பிலோ சோடியம் 100 கிராமுக்கு 20 மில்லிக்கிராம் அளவிலேயே உண்டு. ஆகவே பொதியின் உப்பு ஏறத்தாழ முழுவதும் சேர்க்கப்பட்டதே. இங்கே நீரைக் கழிக்கவேண்டிய சிக்கல் இல்லை. கண்ட எண்ணை அப்படியே கொள்ளலாம்.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்பு. அது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சோற்றுக்கு உப்பு, கறிக்கு உப்பு, கருவாடு, சம்பல், ஊறுகாய் என்று நம் வீடுகளில் அந்த அளவு மாலைக்கு முன்பே நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் 100 கிராம் பொதி ஒன்றை ஒருவரே உண்டால் 1.2 கிராம், அதாவது ஒரு நாளைய அளவில் நாலில் ஒரு பங்கு, தேநீருடனே போய்விடும். பிடியளவில் உண்பவர்க்கு அது மூன்றில் ஒன்றே. எனினும் உப்பிட்ட கடலையை ஒரு பிடியோடு நிறுத்துவோர் சிலரே; உப்பே அடுத்த பிடிக்குக் கையை அழைப்பது. மேற்சொன்ன முதியவரைப் போன்றவருக்கு எண்ணெயை விட இதுவே முதலிற் கவனிக்கற்பாலது.

வீட்டில் வறுப்பதன் உண்மையான பயன், உப்பை அளந்து இடலாம் என்பதே. அளக்காமல் கையால் அள்ளித் தூவுபவருக்கு அப்பயன் இல்லை. அவரது கடலை பொதிக் கடலையை விடக் கரிப்பாக இருப்பதும் உண்டு. அளந்து இடும் முறை பின்வருமாறு.

முதலிற் பருப்பைச் சுளகிற் பரப்பி, சுருங்கியவை, நிறம் மாறியவை, தோல் வெடித்தவை, துளையுள்ளவை, முளை விட்டவை ஆகியவற்றைப் பொறுக்கி ஒதுக்கவேண்டும். பின்பு 1 கிலோகிராம் நிறுத்தெடுத்து அகன்ற பாத்திரத்தில் இடுக. தூளுப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 6 கிராம் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் முற்றாகக் கரைத்துப் பருப்பின்மேல் தெளித்துக் கிளறுக. கால் மணி நேரம் மூடிவைத்தால் தோல் அந்நீரைக் குடித்துவிடும். அதன்பின் வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி மேலீரம் போக்கல் வேண்டும். ஈரத்துடன் தாச்சியில் இட்டால் உப்பு தாச்சியின் அடியில் வெண்ணிறமாகப் படிந்து நின்றுவிடும். பருப்பும் வேகுமேயன்றி வறுபடாது.

தாச்சியை முன்னரே சூடாக்கி, நெருப்பைத் தணித்து, பருப்பு இரண்டு விரல் உயரத்துக்கு மேற்படாதவாறு சிறிது சிறிதாக இட்டு, இடைவிடாது கிளறவேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வெடிக்கும் ஒலி கேட்கத் தொடங்கும். தோலை விரல்களாற் கசக்கினால் கழன்று வரும். அப்போது ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து பார்க்கவேண்டும். உட்புறம் பச்சை வெண்மை மாறி, இளம் வைக்கோல் நிறம் வந்திருந்தால் இறக்குவதற்கு அதுவே பதம். இறக்கிய பின்பும் பருப்பின் சூட்டினால் வறுதல் தொடர்ந்து நடப்பதால், விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்னரே இறக்கி, உடனே சுளகில் மெல்லியதாகப் பரப்பல் வேண்டும். சூடாக உள்ளபோது பருப்பு மென்மையாகவே இருக்கும். மொறுமொறுப்பு ஆறிய பின்பே வரும். இதனை அறியாதவர் மென்மையைக் கண்டு மேலும் வறுத்துக் கருக்கிவிடுவர். நெருப்பு மிகுந்தால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். ஆறிய பருப்பைப் பிளந்தால் நடுவில் வெண்மையாகவும் ஓரத்தில் கபிலமாகவும் காணப்படுவது அதன் அடையாளம்.

மணலில் வறுப்பது இன்னும் சீரானது. திருவிழாக்களிற் கச்சான் வறுப்போர் மணலை உபயோகிப்பது, சூடு பருப்பின் எல்லாப் புறத்தும் ஒரே அளவாகச் சேர்வதற்காகவே. கோதுடன் வறுக்க அதுவே தகுந்த முறை. ஆனால் உப்பு நீர் தெளித்த பருப்பை மணலில் இடலாகாது, மணல் ஒட்டிக்கொள்ளும்.

மேற்கூறியவாறு 6 கிராம் உப்பு இட்டு வறுத்த பருப்பு ஏறத்தாழ 955 கிராம் நிற்கும். அதில் 100 கிராமுக்கு உப்பு 0.6 கிராமை ஒட்டியது. சோடியமாகக் கூறின் 250 மில்லிக்கிராம். இது கமக்காரரின் பொதியிற் கண்டதில் பாதி. சிறிதளவு உப்பு தாச்சியில் தங்குவதால் உண்மையில் இதனிலும் குறையலாமேயன்றிக் கூடாது. பாதி உப்பானாலும் சுவை பாதியாகத் தோன்றாது. ஏனெனில் உப்பு மேற்பரப்பில் நுண்ணிய படலமாக நின்று நாவிற் பட்டவுடன் கரைகிறது. கல்லுப்பைத் தூவினால் அவ்வாறன்று. பாதி கீழே உதிரும். உதிர்ந்ததை ஈடு செய்ய மேலும் தூவுவர்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. உப்பு தோலிலேயே நிற்பதால், வறுத்தபின் தோலைத் தேய்த்து நீக்கினால் உப்பும் அதனுடன் போய்விடும். கடலை சப்பென்று இருக்க, மீண்டும் உப்பிடுவர். தோலுடன் உண்பதாயின் முன்னரே உப்பு நீர் தெளிக்கலாம். தோல் நீக்கி உண்பதாயின், உப்பின்றி வறுத்துத் தோல் நீக்கிய பின்பு, சூடு குறையாத தாச்சியில் மீண்டும் இட்டு, உப்பு நீரை ஒரு மேசைக்கரண்டி அளவாகச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கிளறவேண்டும். நீர் சீறிக்கொண்டு ஆவியாக, உப்பு பருப்பில் வெண்மையாகப் பிடித்து நிற்கும். உப்பைப் பிடிக்க வைப்பதற்கு எண்ணெய் வேண்டும் என்ற எண்ணம் தவறு. வேண்டுவோர் 1 கிலோகிராமுக்கு இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவினாலும் அது 9 கிராமே. 100 கிராமுக்கு 1 கிராமும் வராது.

முதியவருக்காக உப்பின்றி வறுத்த பருப்பைத் தனியே ஒரு பேணியில் எடுத்து வைப்பதே எளிது. சில நாட்களுக்கு அவர் முணுமுணுப்பார். மிளகுத்தூளைச் சற்றுத் தூவிக் கொடுத்தால் அது குறையும். மாத்தளையில் மிளகுக்குப் பஞ்சமில்லை.

விலையை ஒப்பிடும்போதும் அதே நிறைக் கணக்கை மறத்தலாகாது. கோது நீக்கிய பச்சைப் பருப்பு 1 கிலோகிராமின் விலையை ஒன்பதரையால் வகுத்தால் 100 கிராம் வறுத்த பருப்பின் அடக்கம் வரும். பத்தால் வகுப்பது பிழை. சொந்தக் கடலையாயின், கோதுடன் கூடிய 1 கிலோகிராமில் பருப்பு ஏறத்தாழ 700 கிராம். வறுத்தபின் 665 கிராம். ஆகவே கோதுடன் விற்கும் விலையை ஆறரையை விடச் சிறிது கூடிய எண்ணால் வகுத்தல் வேண்டும். பொறுக்கி ஒதுக்கியதையும் நிறுத்துக் கழித்து, விறகு அல்லது வாயுவின் செலவைக் கூட்டி, கடைப் பொதியின் 100 கிராம் விலையுடன் ஒப்பிட்டால் உண்மை தெரியும். சிறு பொதியில் 30 கிராமோ 40 கிராமோதான் இருக்கும். அதன் விலையை 100 கிராமுக்கு மாற்றிய பின்பே ஒப்பிடவேண்டும்.

பொதிக்கு ஒரு மேன்மை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வறுத்த பருப்பு காற்றிலுள்ள ஈரத்தை விரைவில் இழுக்கும். ஐப்பசி முதல் தை வரை மழை பெய்யும் மாத்தளையில், மூடாது வைத்த வறுவல் ஒரே இரவில் பதம் கெட்டுவிடும். ஈரமும் காற்றும் புகாத உலோகத்தாள் பொதியில் அது மாதக்கணக்கில் நிற்கிறது. வீட்டில் இறுகிய மூடியுள்ள பேணியிலோ போத்தலிலோ, முற்றாக ஆறியபின் இட்டு, இரண்டு கிழமைக்கு வேண்டிய அளவே வறுத்து வைத்துக்கொள்வது நன்று. வறுத்த பருப்பின் கொழுப்பு பச்சைப் பருப்பின் கொழுப்பை விட விரைவிற் சிக்கு நாற்றம் அடையும். பூச்சு எண்ணெயை ஒத்த வாடையும் தொண்டையில் நிற்கும் காறலும் அதன் குறிகள். பொதியைத் திறந்தவுடன் அவ்வாடை வந்தால், காலாவதித் திகதி எதுவாயினும் அதனை உண்ணலாகாது.

எண்ணெய், உப்பு என்னும் இரண்டையும் விடப் பெரியதொன்று எந்தப் பொதியின் எண்களிலும் தோன்றாது. அது பூஞ்சணம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாது மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு ஊட்டிய பிறேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் ஒன்று உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று கண்டனர். அஃபிளாரொக்சின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சு மனிதரின் ஈரலையும் கெடுப்பது. நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்சென்றால் ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கவல்லது. வறுக்கும் சூட்டினால் அது ஓரளவு குறையுமேயன்றி முற்றாக அழியாது. ஆகவே கெட்ட பருப்பை நன்றாக வறுத்துவிட்டால் தீங்கில்லை என்று கருதுவது ஆபத்து. உப்பும் மிளகாய்த்தூளும் பூசிய பருப்பில் அதன் நிறமாற்றம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வீட்டில் வறுப்பவரோ ஒவ்வொரு பருப்பையும் வறுக்குமுன் காண்கிறார். பொறுக்கும் வேலையைச் சலிப்பின்றிச் செய்பவருக்கு வீட்டு வறுவலின் முதற் பயன் இதுவே எனலாம். செய்யாதவருக்கு, பருப்பைச் சோதித்து வாங்கும் நல்ல உற்பத்தியாளரின் பொதியே பாதுகாப்பானது.

இக்கேடு தாச்சியில் அன்று, தோட்டத்தில் தொடங்குகிறது. பிடுங்கிய செடிகளை ஈரத்துடன் குவித்து வைத்தல், மண்வெட்டியாற் கோது பிளந்தவற்றை நல்லவற்றுடன் கலத்தல், அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கிற் கட்டி நிலத்தில் வைத்தல் ஆகியவை பூஞ்சணத்துக்கு இடங்கொடுப்பன. கோதுடன் கூடிய கடலையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கவேண்டும். பருப்பின் தோலை விரலால் தேய்த்தால் வழன்று வரவேண்டும். அப்பதம் வரும்வரை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து, மழை தூறினால் உடனே அள்ளி, பின் மரச்சட்டத்தின்மேல் அடுக்கிவைத்தல் வேண்டும்.

உண்ணும்போது ஒரு பருப்பு கசந்தால் விழுங்காது துப்பிவிடவேண்டும். பொறுக்கி ஒதுக்கிய பருப்பை வீணாகிறதே என்று கோழிக்கோ மாட்டுக்கோ இடுவதும் கூடாது. வான்கோழிகளுக்கு நேர்ந்தது வீட்டுக் கோழிக்கும் நேரும், பசு உண்டால் அந்நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். அதனைச் செக்குக்கு அனுப்பினாலும் நஞ்சிற் பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்கி மீண்டும் தொழுவத்துக்கே வந்துசேரும். ஒதுக்கியதை ஆழப் புதைத்துவிடல் வேண்டும்.